ஆலையா, மாந்தோட்டமா? வெவ்வேறு ஆண்டுகளில் வரும் பணத்தை ஒப்பிடுவது எப்படி

"கையில் 10 இலட்சம் ரூபா இருக்கிறது. இன்னும் 10 இலட்சத்தை வங்கி 14 வீத வட்டிக்குத் தரச் சம்மதித்திருக்கிறது. கோண்டாவிலில் மிளகாய்த்தூள் அரைக்கும் ஆலை போடலாம் என்கிறார் அண்ணா. செலவு 20 இலட்சம். ஆண்டுக்கு 6 இலட்சம் வீதம் 6 ஆண்டுகள் மிஞ்சும். எனக்கு மாந்தோட்டத்தில் விருப்பம். கனடாவில் இருக்கும் சித்தப்பா, மீசாலையில் உள்ள 16 பரப்புக் காணியை 8 ஆண்டுகளுக்குத் தருகிறார். அதற்கும் செலவு 20 இலட்சம். நான்காம் ஆண்டில் 6, ஐந்தாம் ஆண்டில் 10, அதன்பின் ஆண்டுக்கு 12 இலட்சம் மிஞ்சும். எல்லாம் இன்றைய விலையில் போட்ட கணக்கு. ஆலைக்கு மொத்தம் 36, தோட்டத்துக்கு 52. ஆனால் 14 வீதத்தில் கழித்துப் பார்த்த நண்பர் ஒருவர், ஆலைக்கு 3.33 இலட்சமும் தோட்டத்துக்கு 3.22 இலட்சமும்தான் மிஞ்சுகிறது, ஆலையே நல்லது என்கிறார். எது சரி?"

நண்பர் போட்ட பெருக்கலிலும் கூட்டலிலும் பிழை இல்லை. ஆனால் அவர் எடுத்த வீதமும் நீங்கள் கொடுத்த தொகைகளும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. இதைத் திருத்தினால் முடிவு தலைகீழாகிறது. இன்னும் இரண்டு விடயங்களைச் சேர்த்தால் மறுபடியும் மாறுகிறது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் 36-ஐயும் 52-ஐயும் மறந்துவிடுங்கள். வெவ்வேறு ஆண்டுகளில் வரும் ரூபாக்களை அப்படியே கூட்டக்கூடாது. ஊரில் ஏலச் சீட்டுப் போடுபவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. முதல் மாதமே சீட்டை எடுக்க விரும்புபவர் கழிவு கூறி, பத்து இலட்சத்துக்குப் பதிலாக எட்டரை இலட்சத்தோடு போகிறார். முன்கூட்டிக் கிடைக்கும் பணத்துக்கு அவர் கொடுக்கும் விலை அந்த ஒன்றரை இலட்சம். முதலீட்டுக் கணக்கில் இந்தக் கழிவை ஏலத்தில் கூறுவதில்லை. ஒரு வீதத்தால் ஆண்டுக்கு ஆண்டு கணக்கிடுகிறோம். 14 வீதம் என்றால் இன்றைய 100 ரூபா அடுத்த ஆண்டு 114 ஆகும். எனவே அடுத்த ஆண்டு வரப்போகும் 114 ரூபாவின் நிகழ்காலப் பெறுமதி 100. இரண்டு ஆண்டு தள்ளி வருவதை 1.14-ஆல் இரண்டு தரம் வகுக்க வேண்டும்; எட்டு ஆண்டு தள்ளி வருவதை எட்டுத் தரம். இப்படி எல்லா வரவுகளையும் இன்றைக்குக் கொண்டுவந்து கூட்டி, இன்று போடும் முதலைக் கழித்தால் தேறிய நிகழ்காலப் பெறுமதி கிடைக்கும். அது பூச்சியத்துக்கு மேலே இருந்தால், போட்ட பணத்துக்குரிய வட்டியைக் கொடுத்த பிறகும் ஏதோ மிஞ்சுகிறது என்று பொருள்.

எந்த வீதத்தால் கழிப்பது? பாதிப் பணம் உங்களுடையது, அது வங்கியில் இதைவிடக் குறைந்த வட்டிக்குத்தான் கிடந்தது, ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு வீதத்தை எடுக்கலாமே என்று தோன்றலாம். நான் அப்படிச் செய்யமாட்டேன். கடன் இருக்கும்வரை, கையில் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாவையும் கடனில் கட்டி 14 வீத வட்டியை மிச்சப்படுத்தலாம். அந்த வாய்ப்பை விட்டுத்தான் பணத்தைத் திட்டத்தில் போடுகிறீர்கள். ஆகவே நண்பர் 14-ஐ எடுத்ததில் நியாயம் இருக்கிறது.

பிழை அடுத்த படியில் நடந்திருக்கிறது. எட்டாம் ஆண்டு வரவான 12 இலட்சத்தை இன்றைய விலையில் போட்டதாகச் சொல்கிறீர்கள். அதாவது ஒரு கிலோ மாம்பழம் இன்று என்ன விலையோ அதே விலை எட்டு ஆண்டுகளின் பின்னும் இருக்கும் என்ற கணக்கு. வங்கியின் 14 வீதம் அப்படிப்பட்டதல்ல. பொருட்களின் விலை ஏறி ரூபாவின் வாங்கும் சக்தி குறையும் என்பதற்கான ஈடும் அந்த 14-க்குள் இருக்கிறது. விலையேற்றம் அடங்கிய வீதத்தால் விலையேற்றம் அடங்காத தொகையைக் கழித்தால், பணவீக்கத்தை ஒரே பக்கத்தில் மட்டும் எண்ணியதாகிவிடும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். வட்டி வீதத்திலிருந்து பணவீக்கத்தைப் பிரித்துப் பார்க்காமல் எந்த நீண்டகாலக் கணக்கையும் நம்ப முடியாது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிரிக்கும் வழி எளிது. வருங்காலப் பணவீக்கம் ஆண்டுக்கு 5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மத்திய வங்கி 2023-இல் ஏற்றுக்கொண்ட இலக்கும் அதுதான். 1.14-ஐ 1.05-ஆல் வகுத்தால் 1.0857 வருகிறது. அதாவது விலையேற்றம் நீங்கிய உண்மை வீதம் 8.57. பதினான்கிலிருந்து ஐந்தைக் கழித்து 9 என்று வைப்பவர்கள் உண்டு. கிட்டத்தட்டச் சரிதான், ஆனால் பணவீக்கம் கூடக்கூட அந்தக் குறுக்குவழி விலகிக்கொண்டே போகும், வகுப்பதே நல்லது.

இதனால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதை இரண்டு தொகைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆலையின் முதலாம் ஆண்டு வரவான 6 இலட்சம், 14 வீதத்தில் 5.26 இலட்சம், 8.57 வீதத்தில் 5.53 இலட்சம். வித்தியாசம் 27 ஆயிரம் ரூபா அளவில்தான். தோட்டத்தின் எட்டாம் ஆண்டு வரவான 12 இலட்சமோ, 14 வீதத்தில் 4.21 இலட்சம், 8.57 வீதத்தில் 6.22 இலட்சம். இங்கே வித்தியாசம் இரண்டு இலட்சம். வீதத்தில் விடும் பிழை ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதால், விரைவில் வருமானம் தரும் திட்டத்துக்குப் பெரிய சேதம் இல்லை. காத்திருந்து பலன் தரும் திட்டத்தை அது முறித்துப் போடுகிறது. மரப்பயிர்த் திட்டங்களின் கணக்கில் நான் அடிக்கடி காணும் பிழை இதுதான். மனதுக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் நல்ல திட்டங்கள் வீணாக நிராகரிக்கப்படுகின்றன.

சரிபார்க்க விரும்பினால் மறுவழியாலும் போகலாம். அந்த 12 இலட்சத்தை ஆண்டுக்கு 5 வீதம் ஏற்றினால் எட்டாம் ஆண்டில் அது 17.73 இலட்சம் ஆகும். அதை 14 வீதத்தால் எட்டு ஆண்டு கழித்தால் மீண்டும் 6.22 இலட்சமே வருகிறது. இரண்டு வழியும் சரி, கலப்பதுதான் பிழை. தோட்டத்தைக் கெடுத்து ஆலையை வெல்ல வைத்தது இந்தக் கலப்பே.

இனி உங்கள் தொகைகளில் விடுபட்ட ஒன்று. மாங்கன்று நட்ட பிறகு மூன்று ஆண்டுகளுக்கு வரவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த மூன்று ஆண்டுச் செலவைக் காணவில்லை. மீசாலை மண்ணில் இளங்கன்றுகளுக்குக் கோடையில் தண்ணீர் இறைத்தே ஆக வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம், இறைப்புக்கும் களை எடுக்கவும் கூலி, பசளை, வேலி திருத்தம் எல்லாம் சேர ஆண்டுக்கு ஒரு இலட்சம் என்று வைக்கிறேன். செலவுகளும் வரவுகளைப் போலவே கழிக்கப்பட வேண்டும். மூன்று ஆண்டு, மூன்று இலட்சம், இன்றைய பெறுமதியில் 2.55 இலட்சம்.

எல்லாவற்றையும் சேர்த்து 8.57 வீதத்தில் போட்டால், ஆலையின் ஆறு வரவுகளும் 27.26 இலட்சம் பெறும். முதலைக் கழித்தால் 7.26 இலட்சம். தோட்டத்தின் வரவுகள் 31.24 இலட்சம், முதலையும் பராமரிப்பையும் கழித்தால் 8.69 இலட்சம். நண்பரின் முடிவு மாறிவிட்டது. தோட்டம் ஏறத்தாழ 1.43 இலட்சத்தால் முந்துகிறது.

கணினியில் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எக்செலில் உள்ள NPV என்ற கட்டளை, தன்னிடம் கொடுக்கும் முதல் தொகையே ஓராண்டு தள்ளி வருவதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்று போடும் 20 இலட்சத்தை அதற்குள் வைக்காமல் வெளியே வைக்க வேண்டும். C2-இல் -20, C3 முதல் C10 வரை எட்டு ஆண்டுத் தொகைகள் என்றால்:

```
=NPV(1.14/1.05-1, C3:C10) + C2
```

C2-ஐயும் அடைப்புக்குள் போட்டுவிட்டால் எல்லாமே ஓராண்டு கூடுதலாகக் கழிபட்டு, தோட்டத்துக்கு 8.69-க்குப் பதில் 8.00 என்று காட்டும். அந்த 8.00-ஐப் பார்த்தால் பிழை என்று யாருக்கும் தோன்றாது, அதுவே ஆபத்து.

அக வருவாய் வீதத்தைப் பார்த்தால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். தேறிய பெறுமதியைப் பூச்சியமாக்கும் வீதம் அது. ஆலைக்கு ஏறத்தாழ 20, தோட்டத்துக்குப் 15-க்குச் சற்றுக் கீழே. அதைப் பார்த்து ஆலை என்று சொல்லிவிடுபவர்கள் ஏராளம். ஆனால் அந்த வீதம் பணம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைத்தான் சொல்கிறதே தவிர, கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பதைச் சொல்வதில்லை. இரண்டு திட்டங்களின் வரவுகள் வெவ்வேறு காலத்தில் வரும்போது இவ்விரண்டும் முரண்படுவது இயல்பு. உங்கள் இரண்டு திட்டங்களின் பெறுமதியும் சமமாகும் இடம் உண்மை வீதம் 10.3, அதாவது 5 வீதப் பணவீக்கத்தில் வங்கி வட்டி 15.8. கடன் வட்டி அதற்குக் கீழே இருக்கும்வரை தோட்டம், மேலே போனால் ஆலை. ஒரு தனி எண்ணைவிட இந்தச் சந்திப்பு இடத்தைத் தெரிந்துவைத்திருப்பது பயன் மிகுந்தது. வங்கி தரும் வட்டி மாறும் வீதம் என்றால் உங்களுக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று உடனே தெரியும்: 14-க்கும் 15.8-க்கும் இடையில், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நிறுத்தினால் தோட்டம் என்று சொல்லிவிடலாம். இன்னும் நிறுத்த முடியாது. ஆலை ஆறு ஆண்டில் முடிகிறது. தோட்டம் எட்டு ஆண்டு ஓடுகிறது. ஆறு ஆண்டு முடிய அண்ணா இன்னொரு இயந்திரம் வாங்கி ஆலையைத் தொடர்ந்து நடத்துவாரா? நடத்துவார் என்றால், ஒரு சுற்று ஆலையைத் தோட்டத்தோடு ஒப்பிடுவது நியாயமல்ல. இரண்டையும் ஆண்டுக்கு எவ்வளவு என்று பரப்பிப் பார்க்க வேண்டும். 7.26 இலட்சத்தை 8.57 வீத வட்டியோடு ஆறு ஆண்டுகளுக்குச் சம தவணையாக்கினால் ஆண்டுக்கு 1.60 இலட்சம். தோட்டத்தின் 8.69 இலட்சத்தை எட்டு ஆண்டுகளுக்கு ஆக்கினால் 1.54 இலட்சம். ஆகவே ஆலை நிலையான தொழில் என்றால் இரண்டும் ஏறத்தாழச் சமம். மிளகாய்த்தூளுக்கான வாடிக்கையாளர்கள் ஆறு ஆண்டுகளின் பின்னும் அதே அளவில் இருப்பார்கள் என்று அண்ணா உறுதியாக நம்பினால் மட்டுமே இந்த ஒப்பீடு செல்லும்.

இனி என்னை உண்மையில் கவலைப்படுத்தும் விடயத்துக்கு வருகிறேன். அது காணியின் எட்டு ஆண்டு.

மா ஓராண்டு பிந்திக் காய்க்கட்டும். ஒரு கோடையில் கிணறு வற்றினாலோ, பட்ட கன்றுகளுக்குப் பதிலாகப் புதிதாக நட வேண்டியிருந்தாலோ இது சாதாரணமாக நடக்கும். அப்போது 6 இலட்சம் ஐந்தாம் ஆண்டில் வரும், 10 ஆறாம் ஆண்டில், 12 ஏழாம் எட்டாம் ஆண்டுகளில். பராமரிப்பு நான்கு ஆண்டுகளுக்கு. எட்டாம் ஆண்டோடு காணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பதால், பிந்திய ஓராண்டைக் கடைசியில் சேர்த்துப் பிடிக்க முடியாது. ஒரு முழு 12 இலட்சம் போய்விடுகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தேறிய பெறுமதி 8.69 இலட்சத்திலிருந்து கழித்தல் 0.22 இலட்சத்துக்கு விழுகிறது. ஒரே ஓராண்டுத் தாமதம் முழு ஆதாயத்தையும் தின்றுவிடுகிறது. ஆலைக்கு முதலாம் ஆண்டு பாதி வருமானம்தான் கிடைத்தது என்றாலும் இழப்பு 2.76 இலட்சம், அப்போதும் 4.50 இலட்சம் மிஞ்சும்.

இதைக் கண்டதும் சிலர் தோட்டம் ஆபத்தானது என்று கழிவு வீதத்தில் மூன்று நான்கு புள்ளிகளைக் கூட்டிவிடுவார்கள். நான் அதை விரும்புவதில்லை. வீதத்தைக் கூட்டினால், ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே போகிறது என்று சொன்னதாகிறது. மாந்தோட்டத்தில் உண்மை அதற்கு எதிர்மாறு. முதல் நான்கு ஆண்டுகளே கண்டம், வேர் பிடித்துக் காய்க்கத் தொடங்கிய மரத்தில் ஆபத்து குறைகிறது. ஆகவே ஆபத்தை வீதத்துக்குள் ஒளிக்காமல், இங்கே செய்ததுபோல் தொகைகளையும் ஆண்டுகளையும் மாற்றிப் பார்ப்பதே நேர்மையான வழி. எங்கே அடி விழுகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். இங்கே அடி விழும் இடம் குத்தகை முடியும் நாள்.

அப்படியானால் சித்தப்பாவிடம் இன்னும் இரண்டு ஆண்டு கேட்டால் என்ன ஆகும்? ஒன்பதாம் பத்தாம் ஆண்டுகளில் ஆண்டுக்கு 12 இலட்சம் வீதம் வரும் இரண்டு வரவுகளின் இன்றைய பெறுமதி 11 இலட்சம். கேட்டபடி எல்லாம் நடந்தால் தோட்டத்தின் தேறிய பெறுமதி 19.7 இலட்சமாகிறது, ஆண்டுக்குப் பரப்பினால் 3 இலட்சம், ஆலையின் 1.60-ஐப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஓராண்டு பிந்திக் காய்த்தாலும் 10.8 இலட்சம் மிஞ்சும். அதுவும் ஆலையின் ஒரு சுற்றைவிட அதிகம். நீங்களும் அண்ணாவும் வட்டி வீதத்தைப் பற்றி வாதாடுவதைவிடக் கனடாவுக்கு எடுக்கும் ஒரு தொலைபேசி அழைப்புக்கே பெறுமதி அதிகம். உறவுதானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். பத்து ஆண்டுக் குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிவு செய்யுங்கள். சித்தப்பா காணியை விற்க முடிவெடுத்தாலும், அவர் காலத்தின் பின் பிள்ளைகள் கேட்டாலும் உங்கள் மரங்களைக் காப்பது அந்த உறுதிதான். அந்த இரண்டு ஆண்டுக்காக ஆண்டுதோறும் ஏதாவது வாடகை கேட்டால் கொடுக்கத் தயங்க வேண்டாம். இன்றைய பெறுமதியில் 11 இலட்சம் வரை அதற்கு இடமிருக்கிறது.

கடைசியாக, இந்தக் கணக்கு காட்டாத ஒன்று. நிகழ்காலப் பெறுமதி, மூன்று ஆண்டு காத்திருக்க உங்களிடம் பணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. 10 இலட்சம் கடனை 14 வீதத்தில் ஐந்தாண்டுத் தவணைக்கு எடுத்தால் மாதம் 23 ஆயிரம் ரூபாவுக்கு மேல் கட்ட வேண்டும். ஆலை என்றால் முதல் ஆண்டிலிருந்தே வருமானம் அதைத் தாங்கும். தோட்டம் என்றால் முதல் மூன்று ஆண்டுகளில் எட்டு இலட்சத்துக்கு மேல் வேறு வருமானத்திலிருந்து வர வேண்டும், பராமரிப்புச் செலவு வேறு. தவணை தவறி நகையை அடகு வைத்து அதற்கும் வட்டி கட்டத் தொடங்கினால், கழிவு வீதமே உங்கள் கையை மீறி ஏறிவிடும், 15.8 என்ற எல்லையைத் தாண்ட அதிக நாள் எடுக்காது. ஆகவே வங்கியில் கேட்க வேண்டியது குறைந்த வட்டியைவிட முதலில், முதலைத் திருப்பிக் கட்ட மூன்று ஆண்டுச் சலுகைக் காலம் கிடைக்குமா என்பதை.

பத்து ஆண்டு உறுதியும் தவணையைத் தாங்கும் குடும்ப வருமானமும் இருந்தால் தோட்டத்தைச் செய்யுங்கள். எட்டு ஆண்டுதான் என்று சித்தப்பா நின்றால், அல்லது மாதாந்தம் கட்ட வேறு வழி இல்லையென்றால், அண்ணா சொல்லும் ஆலையைப் போடுங்கள்.